எழுதிக்கொடுத்ததைச் சொல்லிக்காட்டுதல்: பேண்ட் 6 நேர்காணலுக்கு ஒரு செவிலியர் தயாரான விதம்

## பின்னணி

இடம் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு என்.எச்.எஸ். மருத்துவமனை, 28 படுக்கை கொண்ட பொது மருத்துவ வார்டு. விண்ணப்பித்தவர் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்து, கோவையில் ஐ.சி.யு.வில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். செய்முறைத் தேர்வு முடித்து, செவிலியர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான என்.எம்.சி.யில் பதிவு பெற்று, அந்த வார்டிலேயே நான்கு வருடமாகப் பேண்ட் 5 செவிலியர். அதே மருத்துவமனையில் ஜூனியர் சிஸ்டர் பதவிக்கு, அதாவது பேண்ட் 6க்கு, ஏற்கெனவே இரண்டு முறை போட்டிருந்தார். இரண்டு முறையும் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, வேலை வரவில்லை. இரண்டாவது முறை கிடைத்த பின்னூட்டம் சுருக்கமானது: பதில்கள் பொதுவாக இருந்தன, அவர் தனிப்பட்ட முறையில் என்ன செய்தார் என்று குழுவுக்குத் தெரியவில்லை.

பேண்ட் என்பது என்.எச்.எஸ். சம்பளப் படிநிலை. பேண்ட் 5 தன் பொறுப்பில் உள்ள நோயாளிகளைப் பார்ப்பவர். பேண்ட் 6 வார்டு மேனேஜர் இல்லாத நேரத்தில் மொத்த ஷிஃப்டையும் நடத்துபவர். இந்த வித்தியாசம் கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

என்.எச்.எஸ். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பதவிக்கான தகுதிப் பட்டியல் ஒன்று தரப்படும். அதில் கட்டாயத் தகுதி, விரும்பத்தக்க தகுதி என்று இரண்டு பிரிவு. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பதில்போல ஓர் ஆதரவு அறிக்கை எழுதிக்கொடுக்க வேண்டும். நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பது அதை வைத்தே முடிவாகும். அதற்குமேல் அந்த அறிக்கைக்கு வேலை பெரும்பாலும் இல்லை. நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள். குழுவில் இருப்பவர்கள் பதிலைக் கேட்டுக் குறிப்பெடுத்து, கேள்விக்குக் கேள்வி மதிப்பெண் போடுவார்கள். அறிக்கையில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அன்று வாயால் சொல்லாததற்கு மதிப்பெண் கிடையாது. "அதான் எழுதிக் கொடுத்துட்டேனே" என்ற நினைப்பில்தான் நம்மவர்கள் பலர் அங்கே பாதி விஷயத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது விண்ணப்பத்துக்கு அழைப்பு வந்தபோது 12 நாள் இருந்தது. 40 நிமிட நேர்காணல், மூன்று பேர் கொண்ட குழு. வேறொரு மருத்துவமனையில் பேண்ட் 7 சிஸ்டராக இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் தயாரிப்புக்கு உதவினார்.

## முதல் அமர்வில் தெரிந்தது

அறிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு கூற்றின் கீழும் பென்சிலால் கோடு போட்டார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு கூற்று இருந்தால் இரண்டாகப் பிரித்தார்கள். மொத்தம் 19 வந்தது. நான்கு கூற்றுகள் சான்றிதழைக் காட்டினால் முடிந்துவிடுபவை: பதிவு, உயிர்காப்புப் பயிற்சி போன்றவை. அவற்றுக்குக் கதை தேவையில்லை என்று ஒதுக்கினார்கள்.

மிச்சம் 15க்கும் சிஸ்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது எந்த ஷிஃப்ட்ல நடந்துச்சும்மா?" ஏழு கூற்றுகளுக்கு உடனே பதில் வந்தது. ஐந்துக்கு யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றுக்கு எதுவுமே வரவில்லை. அந்த மூன்றில் ஒன்று பணிமுறைப் பட்டியல் போடுவதிலும் ஊழியர் விடுப்பைக் கையாள்வதிலும் அனுபவம் உண்டு என்ற வரி. தகுதிப் பட்டியலில் அப்படி ஒரு வரி இருந்தது, அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார். "அதுல இருந்துச்சுக்கா, அதான் போட்டேன்" என்றார்.

இன்னொன்றும் தெரிந்தது. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் அறிக்கையின் வாக்கியங்களே திரும்பி வந்தன: நோயாளியை மையமாகக் கொண்ட பராமரிப்பு, பயனுள்ள தகவல் தொடர்பு, குழுவாகப் பணியாற்றுதல். அதே சம்பவத்தைத் தமிழில் சொல்லச் சொன்னபோது மணி எத்தனை, எந்தப் படுக்கை வரிசை, யாருக்குப் போன் போட்டார், அந்த ஆள் என்ன சொன்னார் எல்லாம் தானாக வந்தன. இது மொழித்திறன் குறை அல்ல. அவர் வார்டில் தினமும் பேசும் ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. நேர்காணல் ஆங்கிலம் என்று அவர் மனதில் வைத்திருந்த ஒரு தனி நடைதான் விவரங்களை வடிகட்டியது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

15 கூற்றுக்கு 15 கதை வேண்டாம் என்று முதலிலேயே முடிவானது. 40 நிமிடத்தில் அறிமுகமும் கடைசிக் கேள்விகளும் போக ஆறு கேள்விக்குத்தான் இடம். ஒன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கும் சற்றுக் கூட. கதைக்கு இரண்டரை நிமிடம், மிச்சம் குழுவின் துணைக்கேள்விகளுக்கு. ஆறு கதை எடுத்து, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கூற்றுகளைத் தாங்கும்படி அமைத்தார்கள்.

ஒவ்வொரு கதைக்கும் ஒரு தாள். அதில் மேலே அறிக்கையில் உள்ள வாக்கியம் அப்படியே. அடுத்து, அது நடந்த ஒரே ஒரு சந்தர்ப்பம். பிறகு அவர் கையால், வாயால் செய்தவை மட்டும். பிறகு என்ன மாறியது. கடைசியாக, அதை எது காட்டுகிறது, யார் உறுதிசெய்வார். தமிழில் பேசியதைப் போனில் பதிவுசெய்து, அதிலிருந்து விவரங்களை மட்டும் தாளுக்கு மாற்றி, அந்தத் தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்வது என்று வைத்துக்கொண்டார்கள். முழு வாக்கியமாக எழுதக்கூடாது என்பதில் சிஸ்டர் கண்டிப்பாக இருந்தார். எழுதினால் மனப்பாடம் ஆகும், மனப்பாடம் ஆனால் குழு நடுவில் குறுக்கிட்டதும் அறுந்துபோகும்.

ஆதாரம் என்றால் என்ன என்பதையும் முதலிலேயே வரையறுத்தார்கள். நோயாளியின் சார்ட்டை நகலெடுத்துக் கொண்டுபோவது ஆதாரம் அல்ல, விதிமீறல். பெயர் மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டும் எந்த விவரமும் வார்டை விட்டு வெளியே வரக்கூடாது. ஒத்திகைப் பதிவுக்கும் அதே விதிதான். பதிலாக மூன்று இடத்தில் தேடினார்கள். முதலாவது, என்.எம்.சி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேட்கும் மறுசரிபார்ப்புக் கோப்பு. அதில் ஐந்து சுயபரிசீலனைக் குறிப்புகள் எழுதியாக வேண்டும், அவை அடையாளம் நீக்கித்தான் எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது, வார்டில் அவர் செய்த தணிக்கைத் தாள்கள். மூன்றாவது, அவர் போட்ட டேட்டிக்ஸ் சம்பவ அறிக்கைகளில் எது எதற்கு என்ன நடவடிக்கை வந்தது என்ற நினைவு. நேர்காணலில் இவற்றை எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. தேதி, எண்ணிக்கை, பொறுப்பாளர் என்று வாயால் சொல்லும் விவரத்துக்குப் பின்னால் உண்மையான தாள் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## ஒரு கூற்று கதையான விதம்

அறிக்கையில் இருந்த வரி: நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டறிந்து உரியவர்களுக்குத் தெரிவிப்பேன்.

சம்பவம் ஓர் இரவுப் பணி. அன்று ஷிஃப்ட் பொறுப்பு அவரிடம். நான்கு செவிலியர், ஆளுக்கு ஏழு நோயாளி. நிமோனியாவுக்குச் சேர்க்கப்பட்ட எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு, உடல் அளவீடுகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் நியூஸ் 2 முறையில் இரவு 10 மணிக்கு மதிப்பு 2. அந்த மதிப்புக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 2 மணிக்குப் பார்த்தபோது மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் செறிவு 93, நாடித்துடிப்பு 112, மேல் ரத்த அழுத்தம் 104, காய்ச்சல் 38.4, கூடவே புதிதாகக் குழப்பமான பேச்சு. கூட்டினால் 11. ஏழும் அதற்கு மேலும் அவசரநிலை.

முதல் ஒத்திகையில் இந்தக் கதை ஐந்து நிமிடம் ஓடியது. அதில் மூன்று நிமிடம் நோயாளியின் முன்வரலாறு. மீதியில் டாக்டரைக் கூப்பிட்டோம், கல்ச்சர் எடுத்தோம், ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம், தீவிரக் கண்காணிப்புப் பிரிவான எச்.டி.யு.வுக்கு மாற்றினோம். எல்லாம் சரிதான், ஆனால் ஒரு நல்ல பேண்ட் 5 செவிலியரும் இதையேதான் சொல்வார். போன முறை இதே கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

சிஸ்டர் கேட்டது: "நீ அந்தாளு பக்கத்துல நின்னப்ப, உன் மத்த ஆறு பேரை யார் பாத்தா?"

அதற்கு வந்த பதிலில்தான் பேண்ட் 6 இருந்தது. ஆறு பேரையும் பக்கத்து வரிசைச் செவிலியரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்திருக்கிறார். எந்த இருவருக்கு நரம்பு வழி மருந்து நேரமாகிறது, யாருக்கு அரை மணி தள்ளலாம் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். இரவுப் பணி டாக்டர் வேறோர் அவசரத்தில் மாட்டிக்கொண்டதால் காத்திருக்காமல் தீவிர சிகிச்சை அவுட்ரீச் குழுவை நேரடியாக அழைத்து, நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று வரிசையாகச் சொல்லும் எஸ்பார் முறையில் விவரம் தந்திருக்கிறார். அவசரப் பிரிவிலிருந்து அந்த வார்டுக்கு ஒரு புது நோயாளி கிளம்ப இருந்தார். இரவுப் படுக்கைப் பொறுப்பாளருக்குப் போன் போட்டு, நாற்பது நிமிடம் அனுப்ப வேண்டாம், காரணம் இது என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார். இந்தப் போன் விஷயத்தை இரண்டு நேர்காணலிலும் அவர் சொன்னதேயில்லை. அதை வேலையாகவே அவர் எண்ணவில்லை.

கதை திருப்பிக் கட்டப்பட்டது. நிலைமைக்கு 20 விநாடி: இரவு, நான் பொறுப்பு, மதிப்பு 2லிருந்து 11. அவர் செய்தவற்றுக்கு ஒன்றரை நிமிடம், அதில் பாதிக்குமேல் மற்ற நோயாளிகள், ஆட்பங்கீடு, படுக்கை நிறுத்தம். முடிவுக்கு 20 விநாடி. "செய்தோம்" என்று வந்த இடமெல்லாம் நிறுத்தி, யார் என்று கேட்டார் சிஸ்டர். ரத்தக் கல்ச்சர் எடுத்தது டாக்டர் என்றால் டாக்டர் என்றே சொல்ல வேண்டும். பிறர் வேலையைப் பிறருக்கே விட்டால் தன் வேலையைத் தன்னுடையது என்று சொல்லக் கூச்சம் இருக்காது.

கடைசியாக, குழு கட்டாயம் கேட்கும் துணைக்கேள்வி: வேறு என்ன செய்திருக்கலாம்? அதற்கு உண்மையான பதில் இருந்தது. நள்ளிரவில் தண்ணீர் கொடுக்கப் போன உதவியாளர், நோயாளியின் பேச்சு ஏதோ மாதிரி இருக்கிறது என்று கவனித்திருக்கிறார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. புதிய குழப்பம் ஒன்றுக்கே நியூஸ் 2ல் மூன்று மதிப்பெண், ஒரே அளவீட்டில் மூன்று வந்தாலே கூடுதல் கவனிப்புத் தேவை. இரண்டு மணி நேரம் முன்னாலேயே பிடித்திருக்கலாம். அதன்பின் ஷிஃப்ட் ஒப்படைப்பில் உதவியாளர்களிடம் இதைத் தனியாகச் சொல்வதை வழக்கமாக்கியிருக்கிறார். சுயபரிசீலனைக் குறிப்பு ஒன்றில் இது தேதியோடு பதிவாகியிருந்தது.

## மிகையாக எழுதிய ஒரு கூற்று

வார்டில் நோயாளிகள் கீழே விழுவது தன் முயற்சியால் குறைந்தது என்று அறிக்கையில் எழுதியிருந்தார். உண்மையில் விழுவது குறைந்ததற்கு முக்கியக் காரணம், எந்த நேரமும் ஒவ்வொரு படுக்கை வரிசையிலும் ஓர் ஊழியர் இருந்தே ஆக வேண்டும் என்று வார்டு மேனேஜர் கொண்டுவந்த முறை. நேர்காணல் குழுவில் அந்த வார்டு மேனேஜரே இருந்தார். அறிக்கையை இனி திருத்த முடியாது.

கூற்றை அப்படியே நிலைநிறுத்தப் பார்ப்பதா, பேச்சையே எடுக்காமல் விடுவதா என்று யோசித்துவிட்டு, இரண்டும் வேண்டாம் என்று முடிவானது. அவர் பங்கை மட்டும் அளவோடு சொல்வது என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பங்கும் சிறியதல்ல. விழும் அபாயமுள்ளவர்களுக்குப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். குறைந்தது ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒரு முறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்துக்குள் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை. மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். வார்டில் இதைப் பலர் உட்காரவைத்தே முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் 20 சார்ட்டைத் தணிக்கை செய்ததில் ஆறில் மட்டுமே நின்ற நிலை அளவு இருந்தது. ஒரு வாரம் ஒப்படைப்பு நேரத்தில் ஐந்து நிமிடம் செய்துகாட்டினார். அளவுகளை அச்சிட்டு லேமினேட் செய்து பி.பி. மெஷின் வண்டியிலேயே கட்டிவிட்டார். ஆறு வாரம் கழித்து எடுத்த 20ல் 15ல் இருந்தது.

சொல்லும் விதம் இப்படி அமைந்தது: விழுவது குறைந்ததற்குப் பல காரணம், வரிசைக்கு ஓர் ஊழியர் முறை அதில் பெரியது, நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு பகுதி, அதில் ஆறு பதினைந்தானது. மிகையை ஒத்துக்கொள்கிறேன் என்று தனியாக ஒரு அறிவிப்பு தேவைப்படவில்லை.

பணிமுறைப் பட்டியல் கூற்றுக்கும் இதே வழி. பட்டியல் போட்ட அனுபவம் அவருக்கு இல்லை. ஆனால் பொறுப்பில் இருந்த ஒரு பகல் பணியில் இரண்டு பேர் காலையிலேயே வர முடியாது என்று சொல்லிவிட, மருத்துவமனையின் தற்காலிகப் பணியாளர் பட்டியலிலிருந்து ஒருவரைப் பிடித்து, கிடைக்காத ஓர் இடத்துக்கு நோயாளிகளை மறுபங்கீடு செய்திருக்கிறார். பட்டியல் இன்னும் போட்டதில்லை, ஆள் குறைந்த ஷிஃப்டை நடத்தியிருக்கிறேன், எப்படி என்றால் என்று தொடங்கும்படி தாள் மாற்றி எழுதப்பட்டது. ஒத்திகையில் முதல் பாதியை வேகமாகக் கடந்துவிடப் பார்த்தார். அங்கே நிதானமாகச் சொல்லப் பழக இரண்டு மாலை பிடித்தது.

## நேர்காணல்

ஆறு கேள்வி. நிலை மோசமான நோயாளி பற்றியது நேராகவே வந்தது. படுக்கையை நிறுத்திவைத்ததைச் சொன்னபோது குழுவில் இருந்த மேட்ரன் இடைமறித்து, படுக்கைப் பொறுப்பாளர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றார். மனப்பாடம் இல்லாததால் கதை அறுபடவில்லை. நோயாளி பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி, அவருக்கு மேலுள்ள இரவுப் பொறுப்பாளரிடம் கொண்டுபோயிருப்பேன், மறுப்பைப் பதிவும் செய்திருப்பேன் என்றார்.

தர மேம்பாடு பற்றிய கேள்விக்கு ரத்த அழுத்தத் தணிக்கை போனது. வார்டு மேனேஜர் துணைக்கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆள் பற்றாக்குறையைக் கற்பனைச் சூழலாகக் கேட்டார்கள். இப்படிச் செய்வேன் என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்கிறேன் என்று கதைக்குத் திருப்பினார். கற்பனைக் கேள்விக்கு இது பெரும்பாலும் எடுபடும். ஆனால் முதலில் கேட்டதற்கு நேர்ப்பதில் இரண்டு வாக்கியமாவது தந்துவிட வேண்டும்.

சறுக்கியது ஐந்தாவது கேள்வியில். சம்பவங்களிலிருந்து வார்டு எப்படிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். டேட்டிக்ஸ் போட்ட கதையைச் சொன்னார். அடுத்து, இங்கிலாந்தில் 2022ல் வெளியிடப்பட்டுப் பழைய பெருஞ்சம்பவ நடைமுறைக்குப் பதிலாக வந்த நோயாளி பாதுகாப்புச் சம்பவ எதிர்வினைக் கட்டமைப்பு பற்றிக் கேட்டதும், மூலக்காரண ஆய்வு என்ற பழைய நடைமுறையையே சொன்னார். கதைக்கு இங்கே வேலை இல்லை, இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அறிக்கையிலேயே நிர்வாக நடைமுறைகளை அறிந்தவர் என்று ஒரு வரி இருந்தது. கணக்கெடுப்பில் அதற்கும் ஒரு சம்பவத்தைத் தேடிப்பிடித்துவிட்டு நகர்ந்திருந்தார்கள்.

## விளைவு

அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. இவரை நியமனத்துக்குத் தகுதியானவர், அடுத்த இடம் என்று குறித்தார்கள். பின்னூட்டத்தில் எடுத்துக்காட்டுகள் தெளிவாக இருந்தன, ஷிஃப்ட் பொறுப்பு தெரிந்தது என்றும், பாதுகாப்புக் கொள்கை அறிவு போதாது என்றும் இருந்தது. இரண்டு மாதத்தில், மகப்பேறு விடுப்பில் போன ஒரு ஜூனியர் சிஸ்டரின் இடத்துக்கு ஆறு மாதத் தற்காலிகப் பேண்ட் 6 பணி அவருக்கு வழங்கப்பட்டது. அதற்குத் தனி நேர்காணல் வைக்கவில்லை.

## அடுத்த முறை மாற்றியவை

தாள்களை விண்ணப்பத்துக்கு முன்பே எழுதிவிட்டு, அவற்றிலிருந்து அறிக்கையை எடுப்பது சரியான வரிசை. அப்படிச் செய்திருந்தால் சம்பவமே இல்லாத மூன்று கூற்றுகளும், விழுவது குறைந்ததைப் பற்றிய மிகையும் எழுதப்பட்டிருக்காது. பணிமுறைப் பட்டியல் வரியைக் கண்டதும், வார்டு மேனேஜரிடம் கேட்டு ஒரு மாதப் பட்டியலைக் கூட உட்கார்ந்து போட்டுப் பார்க்க நேரமும் இருந்திருக்கும். தற்காலிகப் பணியில் சேர்ந்த முதல் மாதமே அவர் கேட்டு வாங்கிய வேலை அதுதான்.

கூற்றுகளைப் பிரிக்கும்போது சான்றிதழ், சம்பவம் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு வகை சேர்க்கப்பட்டது: அறிந்தவர், பரிச்சயம் உள்ளவர் என்று முடியும் வரிகள். இவற்றுக்குக் கதை தேடாமல், அந்த நடைமுறையின் இப்போதைய பெயர், எப்போதிலிருந்து நடப்பில் உள்ளது, தன் வார்டில் அதன்படி கடைசியாக என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் வார்டின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் பத்து நிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒத்திகையில் கேட்பவர் வெளி மருத்துவமனைக்காரராக இருந்தது பெரிதும் உதவியது. வார்டின் உள்விவரம் தெரியாததால் அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். ஆனால் கடைசி ஒத்திகை ஒன்றையாவது, நடுவில் குறுக்கிடுபவரும் முகத்தில் எதையும் காட்டாதவருமாக இருவரை வைத்துச் செய்திருக்கலாம். நேர்காணலில் வார்டு மேனேஜர் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்த இடத்தில், தணிக்கைக் கதையின் முடிவு எண்களை விண்ணப்பதாரர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.